வடகரை நல்ல பெயர்தான்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே மழை விட்டுவிட்டது, மாடி ஒழுகல் மட்டும் விடவில்லை. சரி, உன் படக் கம்பெனி பெயருக்கு வருகிறேன். மூன்று பெயர் அனுப்பி, எது போஸ்டரில் எடுப்பாக இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். இருபது வருஷமாக டைட்டில் கார்டு செய்கிறவனிடம் கேட்டால் சும்மா விடுவானா?

உனக்குப் பிடித்தது 'வெளிச்சம்' என்று தெரிகிறது. அழகான சொல்தான். ஆனால் நம் ஊர்ப் போஸ்டரில் கம்பெனிப் பெயர் தனியாக நிற்காது, பின்னாலேயே 'வழங்கும்' என்று வரும். உன் படத்துக்கு 'ஊமைக்கிணறு' என்று பெயர் யோசித்திருப்பதாக எழுதினாய். இப்போது சேர்த்துப் படி: 'வெளிச்சம் வழங்கும் ஊமைக்கிணறு'. கிணறு வெளிச்சம் தருகிறது என்றுதான் எவனும் படிப்பான். கொடுக்கக்கூடிய பொருளின் பெயரை வைத்தால் இந்த வம்பு வரும். மழை, நிழல், கனி எல்லாம் இதே கதைதான். கூட்டுறவு வங்கி 'கடன் வழங்கும் விழா' நடத்துகிற மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, அம்மா பெயரில் 'ஸ்ரீமீனாட்சி கிரியேஷன்ஸ்'. அம்மா பெயரைக் குறை சொல்லவில்லை, எழுத்தைச் சொல்கிறேன். போஸ்டரில் கம்பெனிப் பெயருக்குக் கிடைப்பது உச்சியில் ஒரு ஒல்லிப் பட்டை. அந்தப் பெயரில் மேலே சுழி, மேலே புள்ளி, கீழே 'ஸ்ரீ'யின் இறக்கம் எல்லாம் இருக்கின்றன. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பட்டைக்குள் அடக்க, நடு எழுத்தைச் சிறுசாக்கத்தான் வேண்டும். அகலமும் அதிகம், அதற்காக இன்னொரு முறை சுருக்க வேண்டும். கடைசியில் புள்ளி கரைந்து, தூரத்திலிருந்து பார்த்தால் 'கிரியேஷனஸ' என்றுதான் தெரியும். செல்போனில் போஸ்டர் பார்க்கிறவனுக்கு அதுகூடத் தெரியாது.

மூன்றாவதாக, ஏதோ ஒப்புக்கு எழுதியிருக்கிறாயே, 'வடகரை', அதுதான் எனக்குப் பிடித்தது. வராக நதிக்கு இந்தப் பக்கம் வடகரை, அந்தப் பக்கம் தென்கரை என்று பிறந்ததிலிருந்து சொல்லி வந்த பெயர். நாலே எழுத்து. புள்ளி இல்லை, சுழி இல்லை, 'ரை'யின் கால்தான் கொஞ்சம் கீழே இறங்கும். ஒல்லிப் பட்டையிலும் கொழுகொழுவென்று உட்காரும். யாரும் கரையைத் தூக்கி வழங்க முடியாது, அதனால் 'வடகரை வழங்கும்' என்றால் குழப்பமும் இல்லை. 'பிக்சர்ஸ்' சேர்க்க வேண்டுமென்றால் அடியில் மூன்றில் ஒரு பங்கு அளவில் போடலாம். அது கரைந்தாலும் கவலையில்லை.

சுருக்கமான பெயருக்கு ஏவிஎம்மைப் பார். ஏ.வி. மெய்யப்பன் தம் பெயரின் எழுத்துகளையே வைத்தார், மூலையில் போட்டாலும் தெரியும். ஜெமினிக்கு அது கூடத் தேவைப்படவில்லை. கொம்பு ஊதும் இரட்டைப் பையன்களைத் திரையில் பார்த்ததும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாசன் படம் என்று சொல்லிவிடுவார். உனக்கும் அப்படி ஒரு சின்னம் வேண்டும். நான் நினைப்பது ஆற்றின் குறுக்கே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே பெயர், அவ்வளவுதான். முப்பரிமாணம், தீப்பொறி எல்லாம் கேட்காதே, செய்து தர மாட்டேன்.

அப்புறம், திரையில் உன் பெயர் முதலில் வரப்போவது லோகோவில் இல்லை, சென்சார் சான்றிதழில். அதில் தயாரிப்பாளர் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு முறை வேறொரு கம்பெனிக்கு நான் லோகோவில் 'பிக்சர்ஸ்' என்று செய்து முடித்துவிட்டேன், அவர்கள் விண்ணப்பத்தில் 'புரொடக்சன்ஸ்' என்று எழுதியிருந்தார்கள். சான்றிதழில் ஒன்று, அடுத்த காட்சியில் வேறொன்று. ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தினேன், அதற்குக் காசும் வரவில்லை. அதனால் Vadakarai என்றா Vadakkarai என்றா என்பதை இப்போதே முடிவு செய். எனக்கு ஒற்றை k போதும். பான் கார்டு, வங்கிக் கணக்கு, கம்பெனிப் பதிவு எல்லாவற்றிலும் அதே எழுத்து இருக்கட்டும்.

எனக்கு அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் தயாரிப்பாளர் சங்கத்துக்கு ஒரு நடை போய், அந்தப் பெயரில் வேறு யாராவது பேனர் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டுவிடு. வடகரை நம் ஊரில் மட்டும் இல்லை, வேறு இடங்களிலும் இருக்கிறது. இருந்துவிட்டால் 'வராகநதி' பார்க்கலாம், ஆனால் அதில் 'தி'யின் சுழி மேலே ஏறும், பட்டையைக் கொஞ்சம் உயரமாக்க வேண்டியிருக்கும்.

ஆற்றில் தண்ணீர் ஓடும்போது பாலத்தின் மேல் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கோடு எங்கே போடுவது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்