வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கட்டும்போது போடும் இன்சூரன்ஸ் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். “இன்சூரன்ஸ் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டபோது ஒரு பைசா வரவில்லை, பாலிசியே போடவில்லை போலிருக்கிறது” என்று அதில் இருக்கிறது. அதைப் படித்ததும் நேரே எனக்குப் போன் செய்து கேட்டவர்களுக்கு முதலில் நன்றி. கேட்கத் தயங்கியவர்களுக்காகவே இந்த மடல்.

பாலிசி இருந்தது, இன்றும் இருக்கிறது. வீட்டுக்காரர் பெயரும் எங்கள் பெயரும் சேர்ந்தே அதில் உள்ளன. பூமி பூஜைக்கு முன்பே நகலை அவரிடம் கொடுத்துவிட்டோம். இந்தத் தொழிலில் எங்களை என்ன குறை சொன்னாலும் காது கொடுத்துக் கேட்போம். வாங்கிய பிரீமியத்தைக் கட்டாமல் விட்டோம் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பிரீமிய ரசீது, பாலிசி, இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயரின் அறிக்கை மூன்றும் அலுவலகத்தில் இருக்கின்றன. யார் வந்து கேட்டாலும் காட்டுகிறேன்.

சரி, பாலிசி இருந்தும் ஏன் பணம் வரவில்லை? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அங்கே சம்ப் தோண்டினோம். ஏழு அடி ஆழம். பக்கத்து வீடு பழைய காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் கட்டடம். அதன் கடைக்கால் மூன்று அடிக்கு மேல் இறங்கவில்லை. ஆற்றங்கரை மண் என்பதால் பக்கவாட்டில் நிற்காமல் சரியும். பழைய சுவரை ஒட்டி அதன் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டினால், அதைத் தாங்கி நிற்கும் மண் குழிப்பக்கம் நெகிழும். சுவர் சிறிதளவு இறங்கினாலே பூச்சில் விரிசல் தெரியும். இதற்காகத்தான் ஒரே மூச்சில் தோண்டாமல் பகுதி பகுதியாகத் தோண்டி, பலகை வைத்துச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தோம். அப்படியும் அந்த வீட்டுப் பின்னறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல் வந்தது.

வீடு கட்டும்போது எடுக்கும் முக்கியமான பாலிசிக்கு ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ என்று பெயர். அதில் இரண்டு பகுதிகள். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும் இறக்கி வைத்த சாமானுக்கும் நேரும் சேதம் முதல் பகுதி. வெளியாட்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் நேரும் சேதம் இரண்டாம் பகுதி. சாரத்திலிருந்து ஒரு பலகை விழுந்து பக்கத்து வீட்டு ஓடு உடைந்தால் இரண்டாம் பகுதியில் கேட்கலாம். ஆனால் அதிர்வினாலோ, தாங்கும் மண்ணை எடுத்ததாலோ பக்கத்துக் கட்டடத்துக்கு வரும் சேதத்தைச் சாதாரண பாலிசி அப்படியே விலக்கி வைத்திருக்கிறது. நகரத்துக்குள் பக்கத்து வீட்டுக்கு அதிகமாக நேர்வதே இதுதான். அதனால் இதற்கெனத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டி ஒரு சேர்ப்பு வாங்க வேண்டும். எங்கள் பாலிசியில் அந்தச் சேர்ப்பு இருந்தது.

ஆனால் அந்தச் சேர்ப்பிலும் நிபந்தனைகள் உண்டு. பக்கத்துக் கட்டடம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ இடிந்தால்தான் பணம். கட்டடத்தின் உறுதியைக் குலைக்காத, உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லாத மேலோட்டமான சேதத்துக்குக் கிடையாது. வேலை தொடங்கும் முன் அந்தக் கட்டடம் நல்ல நிலையில் இருந்தது என்பதற்கும், தேவையான பாதுகாப்பு செய்யப்பட்டது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். சர்வேயர் நேரில் வந்து பார்த்தார். விரிசல் பூச்சோடு நிற்கிறது, செங்கலுக்குள் போகவில்லை, சுவரின் மறுபக்கம் தெரியவில்லை, கதவு நிலையில் பிடிக்கவில்லை என்று எழுதினார். ஆக, கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அவர் எழுதியதில் பொய் இல்லை. அந்த வீட்டு அம்மாவின் மனவருத்தத்திலும் பொய் இல்லை. விரிசலை ‘வி’ வடிவில் கொத்தி, வலை அடித்து, திரும்பப் பூசி, அந்த அறை முழுவதற்கும் வெள்ளையடித்துக் கொடுத்தோம். செலவு எங்களுடையது. வீட்டுக்காரரிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. செய்தியில் இந்தப் பாதி மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

உங்கள் வீட்டருகே யாராவது தோண்டினாலும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல ஏறிப் போகும் விரிசல், சுவரின் இருபுறமும் தெரியும் விரிசல், திடீரென நிலையில் பிடிக்கும் கதவு, இவையெல்லாம் பூச்சு விஷயம் இல்லை. வேலையை நிறுத்திவிட்டு உடனே இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். இனி நாங்கள் தோண்டும் முன்பே பக்கத்து வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள விரிசல்களைக் குறித்து, அந்த வீட்டுக்காரரின் கையெழுத்தும் வாங்குவோம். ஆள் அனுப்பும்போது, அண்டை வீட்டாரிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் உதவியாக இருக்கும்.

அடுத்தது வேலையாட்கள். “அதான் இன்சூரன்ஸ் இருக்கே” என்று இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன பாலிசியின் இரண்டாம் பகுதி வெளியாட்களுக்கானது. நம் கொத்தனாரும் சித்தாளும் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். சென்ட்ரிங் வேலையில் ஒருவர் விழுந்து இறந்துவிட்டால், மாதச் சம்பளத்தில் பாதியை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்குவது சட்டக் கணக்கு. கொத்தனார் மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பாதித்தாலும், 2020-இல் வந்த அறிவிப்புப்படி கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம். வயது 30 என்றால் அந்த எண் 207.98. ஆக 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். பாலிசி இல்லாத சின்ன மேஸ்திரி இந்தத் தொகைக்கு எங்கே போவார்? பாதிக்கப்பட்ட குடும்பமும் வெறுங்கையோடு நிற்கும். சம்பளப் பட்டியலை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். ஆறு பேரைக் காட்டிவிட்டுப் பதினைந்து பேரை வைத்து வேலை செய்தால் விபத்தன்று சிக்கல் வரும். அதனால் எல்லா ஆட்களையும் நாங்கள் காட்டுகிறோம். மருத்துவச் செலவுக்கான சேர்ப்பும் வாங்குகிறோம், அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. தயவுசெய்து எங்களுக்குத் தெரியாமல் வெளி ஆட்களைக் கூப்பிட்டுத் தளத்தில் வேலை கொடுக்காதீர்கள். அவர்கள் எங்கள் பட்டியலில் இருக்கமாட்டார்கள்.

திருட்டு என்றால் பெரும்பாலும் ஒயர், பாத்ரூம் குழாய்கள், கம்பி. பூட்டு உடைத்துப் போனால் போலீசில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலோடு கேட்கலாம். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து “பத்து கம்பி குறைகிறது” என்பது திருட்டாக ஏற்கப்படாது. தீ என்பது கான்கிரீட் நிலையில் அரிது. மரவேலையும் பாலிஷும் நடக்கும்போதுதான் பயம், தின்னர் டப்பாவும் மரத்தூளும் ஒரே அறையில் கிடக்கும். அந்தக் கட்டத்தில் இரவுக் காவலுக்கு ஆள் போடுகிறோம்.

இரண்டிலும் பலர் கவனிக்காத ஒன்று, காப்பீட்டுத் தொகை. டைல்ஸ், தேக்கு, குழாய் எல்லாம் நீங்களே வாங்கித் தருவதாக வைத்துக்கொள்வோம். எங்கள் ஒப்பந்தம் 40 லட்சம், உங்கள் சாமான் 10 லட்சம். பாலிசியை 40 லட்சத்துக்கு மட்டும் எடுத்தால், முழு மதிப்பான 50-இல் நாற்பதுதான் மூடியிருக்கிறது. இரண்டு லட்ச ரூபாய் நஷ்டம் வந்தால் அதே விகிதத்தில் 1,60,000 என்று வெட்டுவார்கள். அதிலிருந்து ஒவ்வொரு கோரிக்கையிலும் நாம் சுமக்க வேண்டிய ஆரம்பத் தொகையும் கழியும். அதனால்தான் நீங்கள் வாங்கும் சாமானின் பில்லையும் கேட்கிறோம். துருவிக் கேட்கிறார்களே என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, கிரகப்பிரவேசம். நல்ல நாள் தவறிவிடும் என்று பெயின்ட், மரவேலை பாக்கி இருக்கும்போதே பால் காய்ச்சிக் குடியேறிவிடுகிறோம். வீட்டைப் பயன்படுத்தத் தொடங்கிய பகுதிக்கு இந்தப் பாலிசி முடிந்துவிடும். பால் காய்ச்சிவிட்டுச் சாவியை எங்களிடமே கொடுத்தால் பிரச்சினை இல்லை. தங்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வீட்டுப் பாலிசி அந்த நாளிலிருந்தே தொடங்கும்படி பார்த்துக்கொள்ளலாம். வங்கிக் கடனோடு பிடித்த பிரீமியம் இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு, ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். வேலை தாமதமானால், பாலிசி முடியும் தேதிக்கு முன்பே நீட்டிக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

இந்தக் கூடுதல் சேர்ப்புகளுக்காகத் தை மாதத்திலிருந்து எழுதும் புதிய ஒப்பந்தங்களில் சதுர அடிக்கு 30 ரூபாய் கூடும். நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்கு மாற்றம் இல்லை.

அந்தச் செய்தியால் உங்களுக்கு வந்த குழப்பத்துக்கு வருந்துகிறோம். அண்ணனுக்குக் கட்டி, தம்பிக்குக் கட்டி, இப்போது பிள்ளைகளுக்கும் எங்களையே கூப்பிடும் குடும்பங்கள் உறையூரிலும் தில்லை நகரிலும் இருக்கின்றன. இந்த வாரம் அவர்களில் பலர் எங்களுக்காகப் பேசியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பாலிசியின் நகல் கையில் இல்லையென்றால் அலுவலகத்துக்கு வாருங்கள், உடனே எடுத்துத் தருகிறோம். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாலும் போதும், வேலைத்தளத்துக்கே கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
உரிமையாளர்
திருச்சி