இரவு இரண்டு இருபது

மயிலாடுதுறை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கவிதாவுக்கு,

நீ அனுப்பிய காணொளியை நானும் உன் அம்மாவும் பார்த்தோம். குட்டி தொட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டு, "ததத" என்று யாரோடோ வழக்குப் பேசுவதுபோல் பேசி, தானே சிரித்தும் கொள்கிறான். எட்டு மாதத்தில் இவ்வளவு வாய் உன்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் நீ அதை எடுத்த நேரம் இரவு 2.20. அதன் பிறகு ஒன்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. இரவில் மாப்பிள்ளையும் எழுந்திருக்கிறாரா என்றும் கேட்கப் போவதில்லை. பிள்ளையின் தூக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ முன்பு குறித்து அனுப்பிய நேரங்களை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு எழுதியே பிழைத்தவன் வேறென்ன செய்வேன்? இரவு 7 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழுகிறான்; நடுவே 2 மணியிலிருந்து 3.45 வரை விழித்திருக்கிறான். பகலில் காலை 10 முதல் 11.30 வரை ஒரு தூக்கம், மாலை 3 முதல் 4.45 வரை இன்னொன்று. உண்மையில் அவன் தூங்குவது மொத்தம் பதிமூன்றரை மணி நேரம். நாம் அவனைப் படுக்கையில் போட்டு வைப்பதோ பதினைந்தே கால். மிஞ்சும் ஒன்றே முக்கால் மணி நேரம்தான் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து சிரிக்கிறது. இந்த வயதில் நாள் முழுவதற்கும் 12 முதல் 16 மணி நேரம் வரை என்கிறார்கள். ஆகவே அவன் தூக்கத்தில் குறையில்லை, அதைப் பரப்பி வைத்ததில்தான் பிழை.

மாலைத் தூக்கத்தை 4.30க்கு முடித்துவிடு. இரவு 8 மணிக்குப் படுக்க வை. முந்தைய இரவு எப்படிப் போயிருந்தாலும் காலை 6.30க்கு எழுப்பி, வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு வா. எழுப்ப மனம் வராது என்று தெரியும். ஆனால் விழித்த இரவுக்கு ஈடாகக் காலையில் தூங்க விட்டால், அடுத்த இரவும் அப்படியே போகும். 7 மணியிலிருந்து ஒரேயடியாக 8க்குப் போகாமல், நாளுக்குக் கால் மணி நேரமாக நகர்த்து. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

அதுவரை அவன் விழித்தால் விழிக்கட்டும். அழாமல் பேசிக்கொண்டிருந்தால் தூக்காதே, விளக்கைப் போடாதே, கைப்பேசியை எடுக்காதே, காணொளியும் வேண்டாம். அவன் சிரிக்கும்போது நீ பதிலுக்குச் சிரித்தால் அவனுக்கு அது பகல்தான். பசித்தால் இருட்டிலேயே பால் கொடு; மலம் கழித்திருந்தால் மட்டும் துணி மாற்று; சொல்ல வேண்டியதைத் தாழ்ந்த குரலில் ஒரே வார்த்தையாகச் சொல். காதைப் பிடித்து இழுத்தாலோ, உடம்பு சுட்டாலோ, அழுகை ஏறிக்கொண்டே போனாலோ அது வேறு விஷயம். அப்போது இந்தக் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டு. இன்னொன்று, சோபாவில் சாய்ந்து அவனை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடாதே. களைத்தவள் எப்போது தூங்கினோம் என்றே அறியமாட்டாள். பிள்ளை இடுக்கில் சரிந்துவிடும்.

உன் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் நீ கைக்குழந்தையாக இருந்தபோது, சிம்னி விளக்கின் திரியைத் தணித்துத் தொட்டிலுக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு, நீ எவ்வளவு கொஞ்சினாலும் சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள். கல்நெஞ்சுக்காரி என்று நான் நினைத்ததுண்டு. ஒரு நாள், காலையில் அலுவலகம் போக வேண்டும், பிள்ளையை வெளியே கொண்டு போ என்று கத்தினேன். மார்கழி மாதம். நாலு மணி வரை உன்னை மடியில் வைத்துக்கொண்டு கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். உனக்காக நான் ஓர் இரவுகூட விழித்ததில்லை, கவிதா. அந்தக் கடனை அடைப்பதாக எண்ணிக்கொண்டுதான், போன மாதம் அங்கே தங்கியிருந்தபோது, அவன் விழித்ததும் கூடத்துக்குத் தூக்கிப் போய், டம்ளரில் கரண்டியால் தட்டிக் காட்டி, கூரையில் டார்ச் வெளிச்சத்தை ஓட விட்டு விளையாடினேன். நீ உள்ளே தூங்குகிறாய் என்று பெருமையாக இருந்தது. இரண்டு மணிக்கு விழித்தால் வேடிக்கை உண்டு என்று அவனுக்குப் பழக்கியவன் நான்தான்.

நாளை முதல் நேரங்களை மறுபடியும் குறித்து அனுப்பு. வெறும் எண்களாக இருந்தாலும் போதும். அவன் விழித்த நேரத்துக்குப் பக்கத்தில், எழுந்தது யார் என்றும் ஒரு வார்த்தை எழுது. சோபாவைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடாதே. டார்ச்சை டிவி அலமாரியில் விட்டு வந்திருக்கிறேன். அதன் பேட்டரியை எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா