விளக்கைத் தொடவில்லையாம், பின்னணியைத்தான் மாற்றினார்களாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தில் பழைய பித்தளைச் சாமான் விற்கும் ஒருவருக்கு நான் அனுப்பிய புகாரைப் பற்றியது இந்தக் கடிதம். திருப்பாதிரிப்புலியூரில் இருபது வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படத்தில் ஆளை வெட்டியெடுத்துப் பின்னால் வெள்ளை போடுவது என் அன்றாடப் பிழைப்பு. அதே வேலையில் நானே ஏமாந்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தங்கை மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக ஒரு ஜோடி குத்துவிளக்கு தேடினேன். இரண்டடி உயரம், பழைய வார்ப்பு, இருப்பது இந்த ஒரு ஜோடிதான் என்று போட்டிருந்தார்கள். தூய வெள்ளைப் பின்னணியில் இரண்டும் நூல் பிடித்தாற்போல் நின்றன. 9,500 ரூபாய் கட்டினேன். பெட்டி வந்தது. ஒரு விளக்கு சரியாக இருந்தது. மற்றதைத் தரையில் வைத்ததும் ஆடியது.

பாதத்தின் விளிம்பு ஓரிடத்தில் வளைந்து மேலேறியிருக்கிறது. அந்த இடுக்கில் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி நுழைத்தால் கச்சிதமாக நிற்கிறது. மூன்று மில்லிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது அங்குலப் பாதத்தில் மூன்று மில்லிமீட்டர் இறங்கினால், இரண்டடி உயரத்தில் உச்சி எட்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். எண்ணெய் ஊற்றினால் ஒரு முகத்தின் வழியாகச் சொட்டுகிறது. மணவறையில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே எரியவேண்டிய விளக்கு இது.

புகார் சொன்னேன். வழியில் அடிபட்டிருக்கும், பெட்டியைப் பிரித்தபோது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார்கள். எடுக்கவில்லை. சரி, அவர்கள் படத்தையே பெரிதாக்கிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

துலக்கிய பித்தளை கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். சுற்றிலும் வெள்ளைத் திரை இருந்திருந்தால் தண்டின் உருண்டைகளில் வெள்ளைதான் தெரியவேண்டும். அங்கே சிவப்புச் சிமெண்ட் தரையும் ஒரு ஜன்னலும் தெரிந்தன. ஆக, விளக்கை வெட்டி வேறு பின்னணியில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை, நானும் செய்கிறேன். அப்புறம் நிழலைப் பார்த்தேன். பொருள் தரையைத் தொடும் இடத்தில் நிழல் மெல்லிய கருங்கோடாக இருக்கும், தள்ளிப் போகப் போக வெளுக்கும். தொடாத இடத்தில் அந்தக் கோடு அறுபட்டு, இடுக்கு தெரியும். இந்தப் படத்தில் இரண்டு விளக்குக்கும் கீழே ஒரே அளவில், ஒரே மங்கலில், முட்டை வடிவ நிழல். கணினியில் வரைந்து ஒட்டியது.

வெட்டாத படத்தை அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். பதில் சொல்லும் பையன் விவரம் தெரியாமல் அனுப்பிவிட்டான், பாவம். அதே சிவப்புத் தரை, அதே ஜன்னல். இரண்டாவது விளக்கின் பாதத்துக்கு அடியில் மடித்துச் செருகிய ஓர் அட்டைத் துண்டு!

வழியில் அடிபட்டது என்ற பேச்சு அதோடு நின்றது. அடுத்து உரிமையாளரே பேசினார். “சார், நாங்க பின்னணியைத்தான் மாத்தினோம், விளக்கைத் தொடவே இல்லை.” உண்மைதான். விளக்கில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. அட்டை பின்னணியில் சேர்ந்ததால் தரையோடு சேர்த்து அழிந்துபோனது. களிம்பு படிந்த விளக்கைப் பளபளப்பாக்கிக் காட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

பழைய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று தளத்தில் எழுதியிருக்கிறோமே என்றார். பழசு என்றால் கீறல் இருக்கும், நிறம் மங்கியிருக்கும். அதை நான் ஒத்துக்கொண்டுதான் வாங்கினேன். படத்தில் நேராக நின்றது வீட்டில் சாய்வது அந்தக் கணக்கில் வராது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்றும் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி, இரண்டு படங்களையும் நாணயம் செருகிய படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஜோடியாக எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் அனுப்பும் செலவையும் தாருங்கள், கூரியரை நீங்களே அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன். மறுபடி விற்பதானால் அந்த அட்டை தெரியும் படத்தையும் போடச் சொல்லியிருக்கிறேன். பதினொரு நாளாகிறது. “பார்க்கிறோம்” என்று ஒரு வரி வந்திருக்கிறது. மாதம் முடிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

கல்யாணத்துக்கு வேறு ஜோடி கடையில் போய், தரையில் வைத்து ஆட்டிப் பார்த்து வாங்கிவிட்டேன். இது இப்போது ஸ்டுடியோ வாசலில், அடியில் அட்டையோடு நிற்கிறது.

– ஸ்டுடியோ நடத்தும் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.