அந்த 40 சதவீதம் எங்கிருந்து வந்தது? கடன் ஆபத்துப் பாடம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நிதியியல் வகுப்புகளில் கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப், அதாவது ஒரு நிறுவனம் கடனைக் கட்டாமல் நொடித்தால் நஷ்டத்தை ஈடுசெய்யும் சி.டி.எஸ். ஒப்பந்தம் பற்றிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், அதற்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு வங்கியின் மதிப்பீட்டுக் குழுவில் வேலை பார்க்கிறேன். உங்களிடம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளோடுதான் தினமும் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் அவர்களில் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நொடித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் ஐந்தாண்டு சி.டி.எஸ். அது. சந்தையில் 100 ரூபாய்க் கடனுக்கு 70 ரூபாய் முன்பணமும், அதோடு ஆண்டுக்கு 5 சதவீதமும் கேட்டார்கள். அந்த விலைக்குப் பொருந்தும் ஹசார்ட் ரேட்டை, அதாவது நிறுவனம் நொடிக்கும் வேகத்தைக் கண்டுபிடிக்க எக்செலில் கோல் சீக் ஓட்டியிருந்தார். ஹசார்ட் ரேட் ஏறிக்கொண்டே போனது, ஆனால் முன்பணம் 60-ஐ நெருங்கிவிட்டு அதற்கு மேல் நகரவே இல்லை. "சார், ஃபார்முலாவை நாலு தடவை சரிபார்த்துட்டேன், தப்பே தெரியல" என்றார்.

ஃபார்முலாவில் தப்பில்லை. பக்கத்துக் கட்டத்தில் 0.40 என்று இருந்ததே, அதுதான் தப்பு. அந்தக் கட்டத்தை அவர் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. ரெகவரி, அதாவது நொடித்த பிறகு கடனில் திரும்பக் கிடைக்கும் பங்கு, 40 சதவீதம் என்பது கணக்கோடு தரப்படும் ஒரு மாறிலி என்றே அவர் படித்து வந்திருக்கிறார். இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

நீங்கள் கரும்பலகையில் எழுதும் சூத்திரத்தில் எனக்கு மறுப்பு இல்லை:

s = λ(1 − R)

s ஆண்டு பிரீமியம், λ ஹசார்ட் ரேட், R ரெகவரி. ஹசார்ட் ரேட் 3 சதவீதம், ரெகவரி 40 சதவீதம் என்றால் பிரீமியம் 1.80 சதவீதம், அதாவது 180 பேசிஸ் பாயின்ட். ஆண்டுதோறும் எதிர்பார்க்கும் நஷ்டம் எவ்வளவோ அவ்வளவு பிரீமியம். நல்ல சூத்திரம்தான். ஆனால் இது பிரீமியம் ஒவ்வொரு நொடியும் சொட்டுச் சொட்டாகக் கட்டப்படும் என்று வைத்துக்கொண்டால்தான் துல்லியமாகப் பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டு முடிவில் கட்டினால் என்ன ஆகும் என்று மாணவரை ஒருமுறை கையால் போட வையுங்கள். நான் இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

1 கோடி டாலர் கடனுக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்பு. வட்டி 4 சதவீதம், தொடர் கூட்டு முறையில். ஹசார்ட் ரேட் 3 சதவீதம் என்பதற்குப் பொருள், அந்தந்த நேரத்தில் இன்னும் நொடிக்காமல் இருப்பவர்களில் ஆண்டுக்கு 3 சதவீத வேகத்தில் நொடிக்கிறார்கள் என்பது. 100 பேரில் முதல் ஆண்டு முடிவில் 97.04 பேர் தப்பித்திருப்பார்கள், இரண்டாம் ஆண்டு முடிவில் 94.18, ஐந்தாம் ஆண்டு முடிவில் 86.07. நொடிப்பது ஆண்டின் நடுவில் நடக்கிறது என்று கொள்வோம்.

முதலில் பாதுகாப்பு விற்றவர் பக்கம். முதல் ஆண்டில் நொடிக்கும் வாய்ப்பு 2.955 சதவீதம், அதை அரை ஆண்டு வட்டிக்குத் தள்ளுபடி செய்தால் 0.02897. இப்படி ஐந்து ஆண்டுக்கும் போட்டுக் கூட்டினால் 0.12654 வரும். நொடித்தால் அவர் தரவேண்டியது கடனில் 60 சதவீதம். ஆக, அவர் தர நேரும் தொகையின் இன்றைய மதிப்பு 0.07592. 1 கோடிக்கு ஏறக்குறைய 7.59 லட்சம் டாலர்.

அப்புறம் வாங்கியவர் பக்கம். ஆண்டுக்கு 1 டாலர் பிரீமியம் என்று வைப்போம். அது நிறுவனம் பிழைத்திருந்தால்தான் கட்டப்படும். பிழைக்கும் வாய்ப்பையும் தள்ளுபடியையும் பெருக்கி ஐந்து ஆண்டுக்கும் கூட்டினால் 4.0728. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நடு ஆண்டில் நொடித்தால், அதுவரை ஓடிய ஆறு மாதத்துக்கான பாதிப் பிரீமியத்தையும் வாங்கியவர் கட்டியாக வேண்டும். அதன் மதிப்பு 0.0633. இரண்டும் சேர்ந்து 4.1361.

0.07592-ஐ 4.1361-ஆல் வகுத்தால் 1.836 சதவீதம். 1 கோடிக்கு ஆண்டுப் பிரீமியம் சுமார் 1,83,600 டாலர். அந்தப் பாதிப் பிரீமியத்தை மறந்தவருக்கு 186.4 பேசிஸ் பாயின்ட் வரும். விடைத்தாளில் 186 என்று பார்த்தால் தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

சரி, 180-க்கும் 183.6-க்கும் இடையிலுள்ள 3.6 எது? பிரீமியத்தை ஆண்டு முடிவில் கட்டுவதால் சராசரியாக அரை ஆண்டு தாமதம். 180-க்கு 4 சதவீத வட்டியில் அரை ஆண்டுக்கு 3.6. அவ்வளவுதான், வெறும் வட்டி. கடன் ஆபத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நிஜச் சந்தையில் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 20-ஆம் தேதிகளில் காலாண்டுக்கு ஒருமுறை கட்டுவதால் இந்த வித்தியாசம் 1 பேசிஸ் பாயின்டுக்குள் சுருங்கிவிடும். இதை மாணவரே கண்டுபிடிக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ரெகவரிக்கு வருகிறேன். மேலே உள்ள கணக்கில் நீங்கள் பிரீமியம் கட்டும் முறையை எப்படி மாற்றினாலும் விடை சில பேசிஸ் பாயின்ட்தான் நகரும். ரெகவரியை 40-லிருந்து 20 ஆக்குங்கள், 183.6 என்பது 244.8 ஆகிவிடும். ஒரே ஒரு அனுமானம், 61 பேசிஸ் பாயின்ட். ஆனால் நம் பாடங்களில் தள்ளுபடிக்கும் தேதிகளுக்கும் இரண்டு பக்கம், ரெகவரிக்கு "R = 40% எனக் கொள்க" என்று ஒரு வரி.

மூத்த பிணையற்ற கடன்பத்திரங்களில் நீண்டகாலச் சராசரி மீட்பு ஏறக்குறைய அந்த அளவில் இருந்தது. அதனால் சந்தை 40-ஐ ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டது. எல்லோரும் ஒரே எண்ணைப் போட்டால் விலையை முன்பணமாக மாற்றுவதில் சண்டை வராது, அதற்கான ஏற்பாடு அது. குறிப்பிட்ட ஒரு நிறுவனம் நொடித்தால் என்ன கிடைக்கும் என்ற கணிப்பு அதில் இல்லை. லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு போட்டது. அக்டோபர் 10 அன்று நடந்த ஏலத்தில் அதன் கடன்பத்திரங்களுக்கு முடிவான விலை 100-க்கு 8.625. பாதுகாப்பு விற்றவர்கள் 60 தரவில்லை, 91.375 தந்தார்கள். அதே ஆண்டில் ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கிக்கு ஏலத்தில் வந்த விலை 1.25. கிரேக்க அரசுப் பத்திரங்களுக்கு 2012 மார்ச்சில் 21.5. நம் உதாரண நிறுவனத்துக்கு லேமனின் ரெகவரியைப் போட்டால், அதே 3 சதவீத ஹசார்ட் ரேட்டுக்கு நியாயமான பிரீமியம் 280 பேசிஸ் பாயின்டுக்குப் பக்கத்தில் போய்விடும். 183.6 வாங்கிக்கொண்டு விற்றவர் வாய்ப்பைச் சரியாகக் கணித்திருந்தும் நஷ்டப்படுவார்.

இதில் எனக்கு அதிக வருத்தம் தருவது திருப்பிப் போடும் கணக்கு. சந்தையில் பிரீமியம் தெரியும், ஹசார்ட் ரேட் தெரியாது. ஆகவே பிரீமியத்திலிருந்து பின்னோக்கிப் போய், "ஐந்தாண்டில் நொடிக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று சந்தை சொல்கிறது" என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். 183.6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரெகவரி 40 என்றால் வாய்ப்பு 13.9 சதவீதம். 20 என்றால் 10.6. 60 என்றால் 20.1. சந்தை சொன்னது ஒரே பிரீமியம்தான். வாய்ப்பையும் நஷ்டத்தையும் பெருக்கி வந்த எண் அது, அந்தப் பெருக்கலை நம்மிஷ்டத்துக்குப் பிரித்துவிட்டு ஒரு பாதியைச் சந்தையின் வாயில் போடுகிறோம். அதுவும் விலைக்கான வாய்ப்புதான். ஆபத்தைச் சுமக்க விற்றவர் கேட்கும் கூலியும் அதற்குள் இருப்பதால், உண்மையில் நொடிப்பவர்களின் விகிதத்தைவிட இது பொதுவாக அதிகமாகவே நிற்கும்.

பிரீமியம் சிறியதாக இருக்கும்வரை இது பெரிய சேதம் செய்யாது. பின்னோக்கி எடுக்கும்போது போட்ட அதே 40-ஐ முன்னோக்கிப் போகும்போதும் போட்டால் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். நொடிக்கும் தருவாயில்தான் மாட்டிக்கொள்வோம். முதலில் சொன்ன 70 ரூபாய்க்குத் திரும்புகிறேன். ரெகவரி 40 என்றால், நிறுவனம் நாளைக்கே நொடித்தாலும் கிடைப்பது 60. அதற்கு யாரும் 70 தரமாட்டார்கள். அதாவது மீட்பு 30-க்குக் கீழே என்று சந்தை கத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறது, கோல் சீக் திணறுவதுதான் அந்தச் சத்தம். ரெகவரியை 25 ஆக்கினோம், ஓராண்டுக்குள் நொடிக்கும் வாய்ப்பு சுமார் 79 சதவீதம் என்று விடை வந்தது. 20 ஆக்கினோம், சுமார் 57 சதவீதம். ஐந்தே ஐந்து புள்ளி ரெகவரி, விடையில் 22 புள்ளி. "அப்போ இதுல எதை சார் ரிப்போர்ட்ல போடறது?" என்று கேட்டார். அந்த நிறுவனத்தின் பத்திரங்கள் என்ன விலைக்குப் போகின்றன, எந்தக் கடனுக்குச் சொத்து அடகு இருக்கிறது, யாருக்கு முதல் உரிமை என்று தேடிப் பார்த்து, கடைசியில் ஒரு எண்ணுக்குப் பதிலாக ஒரு வரம்பைப் போட்டோம். அதற்கு அன்றைய மதியம் முழுக்க ஆனது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. வரும் பருவத்தில் "R = 40% எனக் கொள்க" என்று எழுதும் இடத்தில், அந்த நிறுவனத்தின் பத்திர விலையையும் கடன் அமைப்பையும் கொடுத்து, R-ஐ மாணவரே தேர்ந்தெடுத்து ஒரு பத்தியில் காரணம் எழுதச் சொல்லுங்கள். பிரீமியத்தை மூன்று ரெகவரிக்குப் போட வையுங்கள். இன்னொரு கேள்வியில் 70 முன்பணத்தையும் 40 சதவீதத்தையும் சேர்த்தே கொடுத்து, ஹசார்ட் ரேட் காணச் சொல்லுங்கள். "இதற்கு விடை இல்லை, ஏனென்றால்" என்று தொடங்கும் தாளுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை பார்க்கும் ஒருவன்