லாஸ்பேட்டை பில் பற்றி

மஞ்சக்குப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

போனை எடுக்காததால் எழுதுகிறேன். நீ கட்டிக்கொடுத்த லாஸ்பேட்டை வீட்டுக்காரருக்கு, கூடுதல் வேலைக்குப் பணம் கேட்டு லெட்டர் போட்டாயா? அதை முதலில் போடு.

அக்ரிமென்ட்டில் பேஸ்மென்ட் ரோடு மட்டத்திலிருந்து 3 அடி என்றுதானே இருக்கிறது? மழைத்தண்ணீர் நிற்கும் தெரு என்று சைட்டில் நின்று அவர் சொல்லி 4½ அடி ஆக்கினாய். சதுர அடி ரேட்டிலேயே எல்லாம் அடங்கியது என்றுதான் அவர் ஆரம்பிப்பார். அதனால் லெட்டரில் முதல் வரியே அந்த 3 அடியாக இருக்கட்டும். அடுத்து, அவர் சொன்ன தேதி, உடன் இருந்தவர், "ஒன்றரை அடி தூக்கிடுங்க" என்று வாட்ஸப்பில் அவர் போட்ட செய்தி. மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் பேரம்தான் நடக்கும், அளவு எழுது.

வீடு 30க்கு 25. வெளிச்சுவர் 110 அடி, உள்சுவர் 40, ஆக 150 அடி நீளம். முக்கால் அடி கனம், ஒன்றரை அடி உயரம்: செங்கல் கட்டு சுமார் 169 கன அடி. வெளிப்பூச்சு 165 சதுர அடி. உள்ளே கிராவல் நிரப்பியது, சுவர் கனம் போக, சுமார் 950 கன அடி, ஒன்பதரை யூனிட். லாரி பில் அதைவிடக் கூடத்தான் இருக்கும், தண்ணீர் விட்டு அமுக்கினால் மண் இறங்கும். இதை நீயே ஒரு வரி எழுதிவிடு, இல்லாவிட்டால் பொய்க் கணக்கு என்பார். கிராவல் இப்போது தரைக்கு அடியில் போய்விட்டது, டேப் பிடித்து எடுத்த போட்டோவும் லாரி சீட்டும்தான் சாட்சி. சுவர் உயரத்தை மட்டும் வெளியே நின்று இன்றைக்கும் அளக்கலாம், கூட வந்து அளக்கச் சொல்லி நாள் குறி.

அக்ரிமென்ட்டில் ரேட் உள்ளதற்கு அதே ரேட். இல்லாததற்கு பொருள் பில், கூலி, அதன்மேல் உன் லாபம் எவ்வளவு என்று தனியாகக் காட்டு. அவர் வேண்டாம் என்ற கடப்பா அலமாரியைக் கழித்துவிடு. அதைக் கழிக்காத பில்லை யாரும் நம்பமாட்டார்கள்.

வாயால் சொன்ன வேலைக்குப் பணம் கிடையாது என்று சட்டம் இல்லை. இலவசமாகச் செய்ய நினைக்காத வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டம் 70ஆம் பிரிவு. ஆனால் வேலை முடிந்து 3 வருஷத்துக்குள் கேட்க வேண்டும். லெட்டர் போட்டதால் மட்டும் அந்தக் கெடு நீளாது. இந்தச் சட்டத்தையெல்லாம் முதல் லெட்டரில் எழுதாதே, மனிதர் முறுக்கிக்கொள்வார். 15 நாள் தவணை போதும். ஒப்புகையோடு தபாலில் அனுப்பு, வாட்ஸப்பிலும் போடு.

உன் கட்டு வேலையை யாரும் குறை சொல்லமாட்டார்கள், எனக்கு அது பெருமைதான். எழுதிக் கேட்கத்தான் உனக்குக் கூச்சம். மருமகள் கழுத்தில் செயின் இல்லை என்று அம்மா சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

லெட்டர் நகல் எனக்கு வர வேண்டும். மேஸ்திரிக்கு எவ்வளவு பாக்கி என்பதையும் ஒரு தாளில் எழுதி அதோடு வை.

அப்பா