பாம்பன் சித்தப்பாவை எந்த ஃப்ரேமில் நிறுத்துவது?

அன்புள்ள தம்பிக்கு,

உச்சிப்புளி வீட்டில் நாம் எல்லாரும் கூடியதை நீ வெட்டி அனுப்பிய படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். முகத்தை உறைய வைத்துப் பெயர் போடுகிற யோசனை நல்ல யோசனைதான், ஆனால் முதல் நான்கு நிமிடத்துக்குள் 23 பேரை நிறுத்தியிருக்கிறாய். ஆளுக்கு 3 விநாடி என்றால் 69 விநாடி படம் நகராமலே நிற்கிறது, ஏழாவது ஆளிலேயே எனக்கு யார் யாரென்று குழம்பிவிட்டது. நமக்கே இப்படியென்றால் துபாயில் பிறந்த பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?

பெரிய சிக்கல் எண்ணிக்கைகூட இல்லை, நீ போட்ட எழுத்துதான். 'பாம்பன் சித்தப்பா' என்று போட்டிருக்கிறாய். அவர் உனக்கும் எனக்கும் சித்தப்பா, அத்தை பிள்ளைகளுக்கு மாமா, பெரியப்பா பேரனுக்குத் தாத்தா. முறை என்பது பார்க்கிறவரைப் பொறுத்து மாறுகிற ஒன்று, படமோ எல்லார் வீட்டிலும் ஓடப்போகிறது. அதனால் ஒரே ஆளிலிருந்து எல்லாரையும் அளந்துவிடு. அந்த ஆள் அப்பத்தா. ஆனால் 'அப்பத்தா' என்றும் எழுத முடியாது, அத்தை பிள்ளைகளுக்கு அவர் அம்மாச்சி ஆயிற்றே! அவர் பெயரையே போடு. முதலில் அவரை மட்டும் உறைய வைத்து, பெயரைத் தவிர வேறொன்றும் எழுதாதே. அப்புறம் வருகிற ஒவ்வொருவருக்கும் மேல் வரியில் கூப்பிடுகிற பெயர், கீழ் வரியில் அப்பத்தா பெயரைச் சொல்லி 'மூன்றாம் மகன், பாம்பன்' என்று உறவும் ஊரும். ரேஷன் கார்டில் இருக்கிற பெயரைப் போட்டால் பாதிப் பேரை ஊரில் யாருக்கும் தெரியாது.

தனியாக நிறுத்த வேண்டியது அப்பத்தாவையும் அவருடைய ஆறு பிள்ளைகளையும்தான். மருமகள், மருமகன், பேரப்பிள்ளைகளை வீடு வீடாகச் சேர்த்து, பந்தியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது ஒரே ஃப்ரேமில் நிறுத்தி 'தங்கச்சிமடம் வீடு' என்று போட்டால் போதும். (தேவிபட்டினம் அத்தை தன் தலைமுடிக்குச் சாயம் அடிப்பதற்கு முன் எடுத்ததை எங்கேயும் நிறுத்திவிடாதே, அப்புறம் உன்னோடு பேச மாட்டார்.)

இனி எந்த ஃப்ரேம் என்பது. சித்தப்பா மீன் பெட்டியை ஆட்டோவிலிருந்து இறக்குகிற ஷாட்டை எடுத்துக்கொள். நீ அவர் குனியும்போது நிறுத்தியிருக்கிறாய், கை இழுபட்டுக் கலங்கித் தெரிகிறது, கண் பாதி மூடியிருக்கிறது. ஓடும்போது இது தெரியாது, நின்றால்தான் தெரியும். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஒரு கண் சிமிட்டலே சில ஃப்ரேம்களைத் தின்றுவிடும். அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளிப் பார். அவர் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து, 'என்னடா படம் புடிக்கிறியா' என்று திரும்பிச் சிரிக்கிறாரே, திரும்பிய தலை ஒரு நொடி அப்படியே நிற்கும். அசைவு முடிந்து அடுத்தது தொடங்காத அந்த இடத்தில் உருவம் கூர்மையாக இருக்கும், நிறுத்தியதும் வெட்டின மாதிரி தெரியாது. இரண்டு வரியை நிதானமாக வாசித்து முகத்துக்குத் திரும்ப இரண்டரை விநாடி போதும்.

அடுத்தது சத்தம். உறைந்த துண்டுக்குத் தனியாக ஒலி கிடையாது, நீ அதை அப்படியே விட்டதால் ஒவ்வொரு தடவையும் காற்றுச் சத்தமும் பந்தி இரைச்சலும் பட்டென்று அறுந்து, டிவி கெட்டுப்போனதோ என்று தோன்றுகிறது. அவர் பேசி முடித்த பிறகு நிறுத்து. யாரும் பேசாமல் பந்தல் ஓலை மட்டும் சலசலக்கிற ஒரு துண்டு எங்கேயாவது இருக்கும், அந்த ஒலியை எடுத்து உறைந்த துண்டுக்கு அடியில் போட்டு, இரண்டு முனையிலும் லேசாகக் கரைத்துவிடு. படம் நிற்கும், காற்று நிற்காது.

எழுத்து வெள்ளை, சித்தப்பா வேட்டியும் வெள்ளை. பெயருக்குப் பின்னால், அடியில் இருக்கும் படம் லேசாகத் தெரிகிற மாதிரி கறுப்புப் பட்டை ஒன்று வை. உன் மென்பொருளில் 'கொ', 'தெ' எல்லாம் கொம்பு இடம் மாறிப் பிரிந்து நிற்கிறது, கவனித்தாயா? அங்கே தட்டச்சு செய்யாமல், தமிழ் ஒழுங்காக வருகிற வேறொன்றில் எழுதி, பின்னணி இல்லாத PNG படமாகக் கொண்டுவந்து ஒட்டிவிடு.

கடைசியாக, நான் பட்டது. ஒரு காதுகுத்துப் படத்தில் இரண்டு நாத்தனார்களுடைய பெயரை நான் மாற்றிப் போட்டு, பன்னிரண்டு டிவிடி எரித்துக் கொடுத்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். எல்லா டிவிடியையும் திரும்ப வாங்கினேன், ஒருவர் மட்டும் தரவே இல்லை. அதனால் உறைந்த ஃப்ரேம்களை மட்டும் போன் படமாக எடுத்துக்கொண்டு அப்பத்தா பக்கத்தில் போய் உட்கார். ஒவ்வொன்றாகக் காட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள். ஆளைப் பார்த்ததும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் முகம் சரியாக விழவில்லை என்று வைத்துக்கொண்டு ஃப்ரேமை மாற்று.

அன்புடன்,
அண்ணன்