அக்கி: மூன்று நாள் கணக்கு

அன்புள்ள கண்ணா,

இரண்டு நாளாக வலது விலாவில் எரிச்சல், பனியன் உரசினாலே தாங்கவில்லை, தோலில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்று நேற்று போனில் சொன்னாய். சதை பிடித்திருக்கும் என்று தைலம் தேய்க்கிறாயாம். சதைப்பிடிப்பு என்றால் திரும்பும்போதும் அமுக்கும்போதும்தான் வலிக்கும். துணி லேசாகப் பட்டதற்கே எரிந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இது அக்கியாக இருக்கலாம், ப்பா.

சின்ன வயதில் உனக்கு வந்த சின்னம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும். விழித்துக்கொண்டால் ஒரே ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு வரும். அதனால்தான் எரிச்சல் முதலில், கொப்புளம் பிறகு. இடையில் ஒன்று முதல் ஐந்து நாள் வரை ஆகலாம்.

காலையிலும் இரவிலும் நல்ல வெளிச்சத்தில் முதுகெலும்பிலிருந்து விலாவைச் சுற்றி நெஞ்சு வரை பார். முதுகை அறைத்தோழனைப் பார்க்கச் சொல். முதலில் சிவந்த திட்டு, அதன்மேல் ஜவ்வரிசி போல நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக வரும். பட்டை போல ஓடி, உடம்பின் நடுக்கோட்டில் நின்றுவிடும். மறுபக்கம் தாண்டாததுதான் பெரிய அடையாளம்.

சிவப்பு தெரிந்த நேரத்தைக் குறித்துக்கொள், போட்டோவும் எடு. கணக்கு எரிச்சலிலிருந்து அல்ல, சிவப்பிலிருந்து. வியாழன் காலை எட்டு மணிக்குத் தெரிந்தால், ஞாயிறு காலை எட்டு மணிக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், டாக்டர் எழுதித் தரும் முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. மாத்திரை கிருமி பெருகுவதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே கெட்ட நரம்பைச் சரிசெய்யாது. கெட்ட நரம்பு, புண் ஆறியபின்பும் மாதக்கணக்கில் எரியலாம். மூன்று நாள் தாண்டிவிட்டாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் டாக்டரிடம் போ, பலன் இருக்கலாம்.

வழக்கமாக அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் எழுதுவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும், ஆகவே நீயாகக் கடையில் வாங்காதே. தண்ணீர் நிறையக் குடி.

ஊரில் காவிமண் குழைத்து அக்கி எழுதுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் புண் தானாகவே ஆறும். பேர் காவிக்குப் போகும். அதற்குள் மாத்திரைக்கான நேரம் கடந்துவிடும், புண்ணில் சீழும் பிடிக்கலாம். ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் மூடி வை. அறைத்தோழனுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்று கேள். வராதவருக்கும் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இந்தக் கொப்புள நீரிலிருந்து சின்னம்மை தொற்றலாம். எல்லாம் பொருக்குத் தட்டும்வரை விலகி இரு.

நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் கொப்புளத்துக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போ. இன்று இரவு பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்றாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா